முதல் இன்டர்வியூவுக்கு ஷூ: தாளில் பாதத்தை அளந்து சரியான ஜோடியை எடுப்பது எப்படி?

அக்கா மகனுக்கு இன்டர்வியூ கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, கணக்குப் பிரிவில் வேலை, அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை இருந்தது, பேன்ட் தைக்கக் கொடுத்தாயிற்று. ஷூ மட்டும் இல்லை. வடகரப்பதியில் பிறந்து, தோட்டத்திலும் வரப்பிலும் வெறுங்காலோடு வளர்ந்தவன். கல்லூரிக்குக்கூடச் செருப்புதான் போட்டுப் போனான். 22 வயதில் முதல்முறையாக ஷூ வாங்கப் போகிறான்.

போனில் கூப்பிட்டு, "எனக்கு எத்தன சைசுங்க மாமா? செருப்பு 9 போடறேன், அதே 9 ஆர்டர் பண்ணிரட்டுங்களா?" என்று கேட்டான்.

வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வருகிறேன், அதுவரை எதையும் வாங்காதே என்றேன். கோவையில் ஒரு செருப்புக் கடையில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். செருப்பு நம்பரை நம்பி ஷூ வாங்கிவிட்டு, இன்டர்வியூ நாளில் நொண்டிக்கொண்டு நடந்தவர்கள் மறுநாளே கடைக்கு வந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செருப்பு திறந்த சாமான். குதிகால் வெளியே தொங்கக் கூடாது என்று எல்லோரும் ஒரு நம்பர் பெரிதாகவே வாங்குவோம், அகலமும் அதில் தெரியாது. ஷூ அப்படி இல்லை. நாலு பக்கமும் மூடியிருப்பதால் நீளம், அகலம், சுற்றளவு மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றையும் ஒரு தாளில் எடுத்துவிடலாம். அவனுக்கு எப்படி எடுத்தோம், அந்தத் தாளைக் கடையில் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

முதல் தாள் ஏன் தப்பாகிப் போனது

நான் போய்ச் சேருவதற்குள் அவனே ஒரு தாளில் அளந்து வைத்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்து, ரூல் போட்ட நோட்டுத் தாளைத் தரையில் வைத்து, வலது காலைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு. ஸ்கேல் வைத்துப் பார்த்து 25.2 சென்டிமீட்டர் என்று மேலே எழுதியிருந்தான். அக்கறையாகத்தான் செய்திருந்தான். ஆனால் அந்த ஒரு தாளில் நாலு தவறு இருந்தது. நாலுமே எல்லோரும் செய்வதுதான்.

முதலாவது, உட்கார்ந்து அளந்தது. உட்காரும்போது பாதத்தின் மேல் உடம்பின் பாரம் இல்லை. எழுந்து நின்றால் உள்வளைவு கொஞ்சம் தாழ்ந்து பாதம் முன்னால் நீளும், பக்கவாட்டிலும் விரியும். நீளத்தில் மட்டுமே சில மில்லிமீட்டர் மாறிவிடும். ஷூவுக்குள் நாம் நிற்கிறோம், நடக்கிறோம். அளவும் நின்றபடிதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பேனாவைச் சாய்த்துப் பிடித்தது. குனிந்து தன் காலைத் தானே வரைகிறவன் கை தானாகவே பேனாவை உள்பக்கம் சாய்க்கும். முனை பாதத்துக்கு அடியில் போய்விடும், கோடு உண்மையான பாதத்தைவிடச் சின்னதாக விழும். குதிகாலில் இது இன்னும் மோசம். குதிகாலின் பின்பக்கம் பந்து மாதிரி உருண்டிருக்கும். அது அதிகமாகப் புடைத்திருப்பது தரையோடு இல்லை, தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே. தரையோடு ஓடுகிற கோடு அந்தப் புடைப்பைப் பிடிக்காது.

மூன்றாவது, ஒரு கால் மட்டும் அளந்தது. யாருக்கும் இரண்டு பாதமும் அச்சாக ஒன்றாக இருக்காது. நாலாவது, காலை 8 மணிக்கு அளந்தது. பகல் முழுக்க நின்று நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். அப்போது மார்ச் மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக அடிக்கிற ஊர் எங்களுடையது. காலையில் சரியாக இருக்கிற ஷூ மத்தியானம் கடிக்கும்.

சாயங்காலம், சிமென்ட் தரை, சுவர்

தேவையானது அதிகம் இல்லை. ஏ4 தாள் இரண்டு, சீவிய பென்சில் ஒன்று, 30 சென்டிமீட்டர் ஸ்கேல், ஒரு தீப்பெட்டி, ஒரு விரல் அகலத்தில் நீளமாகக் கத்தரித்த காகிதப் பட்டை ஒன்று. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர் என்பதால் பெரும்பாலானவர்களின் பாதம் அதற்குள் அடங்கிவிடும். இன்டர்வியூவுக்குப் போடப்போகிற சாக்ஸையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு வெறுங்காலில்தான், சாக்ஸ் கடைக்கு.

இடம் முக்கியம். பாய், ஜமுக்காளம், மெத்தை எதுவும் கூடாது, கெட்டித் தரை வேண்டும். அக்கா வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிமென்ட் தரையில், தாளின் குட்டையான ஓரம் சுவரில் ஒட்டி நிற்கும்படி வைத்து நாலு மூலையிலும் செலோடேப் ஒட்டினேன். சுவரின் அடியில் பூச்சு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். துருத்தல் இருந்தால் தாள் ஒரு இடத்திலும் குதிகால் இன்னொரு இடத்திலும் முட்டும், அளவு கெட்டுவிடும். வாசல்படியின் செங்குத்தான பக்கம் சுத்தமாக இருந்தால் அதுவும் போதும்.

அவனை முதுகு காட்டிச் சுவரை ஒட்டி நிற்கச் சொன்னேன். குதிகால் சுவரைத் தொட வேண்டும், ஆனால் அமுக்கக் கூடாது. இரண்டு காலிலும் சமமாகப் பாரம், கை தொங்கலாக, பார்வை நேராக. இங்கேதான் பையன் தடுமாறினான். நான் குனிந்து பென்சிலை வைத்ததும் என்ன செய்கிறேன் என்று தானும் குனிந்து பார்த்தான். குனிந்தால் பாரம் விரல்களுக்கு வரும், குதிகால் சுவரை விட்டு விலகும். "எதிர்ல தென்ன மரத்தப் பாரு, காலப் பாக்காத" என்றேன். அளவு எடுக்க இன்னொரு ஆள் கண்டிப்பாக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நீளத்துக்குப் பென்சில் கோடு வேண்டாம். தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, மிக நீளமான விரலின் நுனியைத் தொடும்வரை மெதுவாக நகர்த்துங்கள். பெட்டி தாளைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். மிக நீளமான விரல் கட்டை விரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு இரண்டாவது விரல் நீண்டிருக்கும், அவர்கள் அதைத்தான் அளக்க வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் முதலில் வெட்டிவிடுங்கள்.

அப்புறம் பென்சில். அதை நட்ட கம்பு மாதிரி நேராகப் பிடித்துப் பாதத்தின் இரண்டு பக்கமும் வரையுங்கள். கட்டை விரலுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும் இடத்திலும், சுண்டு விரலுக்குப் பின்னால் அதேபோல் புடைத்திருக்கும் இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். பாதத்தின் மிக அகலமான இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஷூ மடங்குவதும் அங்கேதான்.

கடைசியில் காகிதப் பட்டை. அதே இரண்டு புடைப்புகளையும் சுற்றிப் பாதத்தின் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, இறுக்காமலும் தொங்கவிடாமலும் ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்து, சேரும் இடத்தில் கோடு போட வேண்டும். நூல் வேண்டாம். நூல் இழுத்தால் நீளும். காகிதம் நீளாது.

இதெல்லாம் நடக்கும்போது என் அம்மா ஒரு ஈர்க்கோடு வந்து நின்றார். அந்தக் காலத்தில் சந்தைக்குப் போகிறவர் கையில் வீட்டில் இருப்பவர்களின் கால் நீளத்துக்கு ஈர்க்குச்சி ஒடித்துக் கொடுத்து அனுப்புவார்கள், அதை வைத்துச் செருப்பு வாங்கி வருவார்கள். "எங்கய்யன் எனக்கு இப்படித்தான் வாங்கியாந்தாரு, கண்ணு" என்று பேரனிடம் சொல்லி, அவன் பாதத்தோடு ஈர்க்கை வைத்து ஒடித்தும் காட்டினார். தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நீளம் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. நீளத்துக்கு ஈர்க்கு போதும். அகலத்துக்குத்தான் தாள் தேவைப்படுகிறது.

ஸ்கேல் வைத்துப் படிக்கும்போது

பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தில் பூஜ்யம் இருக்காது. ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளித்தான் கோடு ஆரம்பிக்கும். ஓரத்தைத் தாளின் ஓரத்தோடு சேர்த்து வைத்துப் படித்தால் பாதம் அத்தனை மில்லிமீட்டர் குட்டையாகத் தெரியும். அவன் முதல் தாளில் இந்தத் தவறும் இருந்திருக்கலாம். பூஜ்யக் கோட்டைத் தாளின் ஓரத்தில் வையுங்கள்.

அவன் அளவு இப்படி வந்தது: வலது பாதம் 25.4 சென்டிமீட்டர், இடது 25.8. நாலு மில்லிமீட்டர் வித்தியாசம், இது சாதாரணம். எப்போதும் பெரிய காலுக்குத்தான் ஷூ. சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டை போட்டு நிரப்பிக்கொள்ளலாம். பெரிய காலுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

அகலத்துக்கு ஒரு கழித்தல் உண்டு, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சாதாரணப் பென்சிலின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர், கரிமுனை அதன் நடுவில் இருக்கிறது. பென்சிலின் உடம்பு பாதத்தைத் தொடும்போது முனை அதிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 7 மில்லிமீட்டர். இடது பாதத்தின் கோட்டுக்குக் கோடு அகலம் 11.1 சென்டிமீட்டர். அதில் 0.7 கழித்தால் உண்மையான அகலம் 10.4. பட்டையில் வந்த சுற்றளவு 25.9.

இப்போது இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நீளம் 25.8, சுற்றளவு 25.9. கடையில் நான் வைத்திருந்த கணக்கு ஒன்று உண்டு. சுற்றளவு நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவாக இருந்தால் எந்த ஷூவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நீளத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ அது அகலப் பாதம், அங்கே நம்பரைவிட ஷூவின் வடிவம்தான் முக்கியம். அக்கா மகன் இரண்டாவது வகை. செருப்புக்கூடப் போடாமல் வளர்ந்தவர்களுக்கு விரல்கள் விரிந்து பாதத்தின் முன்பக்கம் அகன்றிருக்கும். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஆட்களின் பாதத்தை அளந்து பார்த்தபோதும், இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர்களுடையதைவிட அகலம் என்றுதான் தெரிய வந்தது. அதை வைத்து, பாரத் என்ற பெயரின் முதல் எழுத்தான 'பா' என்ற பெயரில் நமக்கென்று ஓர் அளவுமுறையையும் முன்வைத்திருக்கிறார்கள். ஆனால் நாங்கள் பார்த்த பெட்டிகளில் எல்லாம் இங்கிலாந்து நம்பர்தான் அச்சடித்திருந்தது.

சென்டிமீட்டரிலிருந்து நம்பர்

யூ.கே. நம்பர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கணக்கு மறக்காது. பழைய இங்கிலாந்து வழக்கத்தில் மூன்று வாற்கோதுமை மணிகளை வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். ஒரு மணி ஒரு நம்பர். அதாவது 7-க்கும் 8-க்கும் நடுவில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். பெரியவர்களின் நம்பர் 25 மணி நீளத்துக்குப் பிறகு ஆரம்பிக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த நம்பர் பாதத்தின் நீளத்தைக் குறிப்பதில்லை, ஷூவை எந்த அச்சுக்கட்டையின் மேல் செய்கிறார்களோ அதன் நீளத்தைக் குறிக்கிறது. அச்சு பாதத்தைவிட நீளமாக இருக்கும். நடக்கும்போது பாதம் முன்னால் நகரும், அதற்கு விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். ஆகவே 25.8-உடன் 1.2 சேர்த்து 27 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டோம்.

```
(27 ÷ 2.54) × 3 − 25 = 6.9
27 × 1.5 = 40.5
```

முதல் வரி யூ.கே. நம்பர்: 7. இரண்டாவது வரி ஐரோப்பிய நம்பர். அந்த முறையில் ஒரு நம்பர் என்பது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 40.5 வந்தால் 41 எடுக்க வேண்டும். பெட்டியில் 7, 41 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கணக்கு பொருந்துகிறது என்று அர்த்தம். அமெரிக்க நம்பர் ஆண்களுக்கு யூ.கே.-யைவிடச் சுமாராக ஒன்று கூடுதலாக வரும். அதைப் பார்த்து 8 என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

9 ஆர்டர் பண்ணட்டுமா என்று கேட்ட பையனுக்கு வந்த நம்பர் 7. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தான்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே தருகிற அளவுப் பட்டியலில் சிலர் பாதத்தின் நீளத்தைப் போடுகிறார்கள், சிலர் ஷூவின் உள்நீளத்தைப் போடுகிறார்கள். ஒரே 7-க்கு ஒருவர் 25.8 என்பார், இன்னொருவர் 27 என்பார். இரண்டும் சரிதான், வேறு வேறு பொருளை அளந்திருக்கிறார்கள். பட்டியலின் தலைப்பில் எது என்று பார்த்த பிறகே உங்கள் எண்ணை அதில் தேடுங்கள். எங்களுக்கு ஆறு நாள்தான் இருந்தது. மாற்றிக்கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினால் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. அதனால் ஆன்லைன் பக்கம் போகவே இல்லை.

கடைக்குப் போகும் முன் ஓர் அட்டை

தாளிலிருந்து ஓர் அட்டைப் பாதம் செய்துகொள்ளுங்கள். பழைய தினக்காலண்டரின் பின்னட்டை இதற்கு நன்றாக ஒத்துவரும். தாளில் இருக்கும் கோட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் உள்ளே இன்னொரு கோடு வரைந்து, அதன்படி அட்டையைக் கத்தரிக்க வேண்டும். முன்நுனி தீப்பெட்டிக் கோட்டிலும், பின்நுனி தாளின் ஓரத்திலும் முடிய வேண்டும். புடைப்புப் புள்ளிகளை அட்டையிலும் குறித்துக்கொள்ளுங்கள். அவன் இடது காலுக்குக் குதிகாலிலிருந்து கட்டைவிரல் புடைப்பு வரை 18.8 சென்டிமீட்டர் இருந்தது.

இந்த அளவைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. வெளிநாட்டுக் கடைகளில் பாதத்தை அளக்க வைத்திருக்கும் பிரானாக் என்ற உலோகத் தட்டில் இதற்கென்றே தனியாக ஒரு நகர்த்தி உண்டு. ஒரே நீளமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு விரல் நீளமாக, புடைப்பு பின்னால் இருக்கும். இன்னொருவருக்கு விரல் குட்டையாக, புடைப்பு முன்னால் இருக்கும். ஷூ மடங்குகிற இடமும் பாதம் மடங்குகிற இடமும் ஒத்துப்போகாவிட்டால், நம்பர் சரியாக இருந்தும் மேல்தோல் மடிந்து விரல்மேல் வெட்டும்.

பொள்ளாச்சியில் மூன்று ஜோடி

சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கடைக்குள் போனோம். கடைக்காரப் பையன் காலைப் பார்த்துவிட்டு, "எட்டு வரும்ங்க" என்று கூர்முனை ஷூ ஒன்றை எடுத்து வைத்தான். பளபளப்பாக அழகாக இருந்தது. அக்கா மகனுக்கு அதன் மேல்தான் கண்.

நான் முதலில் செய்தது உள்ளே இருக்கும் மெத்தை அட்டையை, அதாவது இன்சோலை, உருவி எடுத்து எங்கள் காலண்டர் அட்டையின் மேல் வைத்ததுதான். குதிகாலோடு குதிகால் சேர வைக்க வேண்டும். நீளம் தாராளமாக இருந்தது. ஆனால் இன்சோலின் மிக அகலமான இடம் 9.1 சென்டிமீட்டர்தான், எங்கள் அட்டை 10.4. இன்சோல் பாதத்தைவிடக் குறுகலாக இருப்பது இயல்பு. பாதத்தின் ஓரங்கள் உருண்டிருப்பதால் மேல்தோல் கொஞ்சம் வெளியே பிதுங்கி அதற்கு இடம் கொடுக்கும். பக்கத்துக்கு மூன்று நாலு மில்லிமீட்டர் வெளியே நின்றால் பரவாயில்லை. இதில் ஆறரை மில்லிமீட்டர் நின்றது.

போட்டுப் பார்க்கச் சொன்னேன். நின்றான். முன்னால் நெரித்தது, பின்னால் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் எழும்பி வெளியே வந்தது. அகலம் போதாதவர்கள் நம்பரை ஏற்றி வாங்கினால் நடப்பது இதுதான். நீளத்தில் கிடைத்த கூடுதல் இடம் குதிகாலுக்குப் பின்னால் போய்ச் சேரும், அகலத்தில் மிகக் கொஞ்சம்தான் கூடும். கூர்முனையில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்த நுனிக்குள் விரல் போகாது, அது வெறும் அழகுக்கான இடம். வெளியிலிருந்து ஷூவின் நீளத்தைப் பார்த்து இடம் இருக்கிறது என்று நம்பக் கூடாது.

"போடப் போட லூசாயிருங்க" என்றான் கடைப் பையன். உண்மையான தோலாக இருந்தால் அகலத்தில் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. இது ரெக்சின் வகை, இரண்டிலும் கொடுக்காது. உள்பக்கம் நாக்கின் ஓரத்தைப் பாருங்கள், வெட்டுமுகத்தில் துணிப்பின்னல் தெரிந்தால் தோல் இல்லை.

இரண்டாவது ஜோடி 7, ஆனால் அதுவும் ஒடுங்கிய முனை. அதில் இன்சோல் ஒட்டியிருந்தது, உருவ வரவில்லை. அப்படியானால் அட்டைப் பாதத்தை ஷூவுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் அட்டை பாதி போனதும் இரண்டு ஓரமும் மடிந்து மேலே எழும்பின. போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, திருப்பிக் கொடுத்தோம்.

மூன்றாவது, உருண்டை முனை, லேஸ் கட்டுகிற டெர்பி வகை. லேஸ் துளையுள்ள இரண்டு மடலும் ஷூவின் மேல் தனியாகத் தைக்கப்பட்டு, அடியில் திறந்திருக்கும். அதனால் மேல்பாதம் உயர்ந்தவர்களுக்கும் அகலம் கூடியவர்களுக்கும் அது விரிந்து இடம் கொடுக்கும். மடல் அடியோடு மூடித் தைத்த ஆக்ஸ்ஃபோர்டு வகையில் அந்த வசதி இல்லை. பெட்டியில் 7-க்குப் பக்கத்தில் ஜி என்று போட்டிருந்தது. நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து அகலத்தைச் சொல்கிறது. இங்கிலாந்து முறையில் ஆண்களுக்கு எஃப் சாதாரணம், ஜி அகலம், ஹெச் அதைவிட அகலம். எல்லாப் பெட்டியிலும் இது இருக்காது. ஆனால் அகலப் பாதம் என்று தெரிந்தவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இன்சோலை எடுத்து அட்டைமேல் வைத்தேன். அகலம் 9.6, பக்கத்துக்கு நாலு மில்லிமீட்டர் வெளியே நின்றது. விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஷூவை மடக்கிப் பார்த்தேன், அட்டையில் குறித்த புடைப்புப் புள்ளிக்கு நேராகவே மடிந்தது.

அதன் பிறகுதான் சாக்ஸ் போட்டுக் காலை விட்டான். லேஸ் கட்டும் முன் விரல் முன்னால் முட்டும்வரை பாதத்தைத் தள்ளச் சொன்னேன். குதிகாலுக்குப் பின்னால் என் ஆள்காட்டி விரல் சிரமமில்லாமல் நுழைந்தது. பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து லேஸ் கட்டினான். இரண்டு மடலுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. மடல்கள் ஒன்றோடொன்று முட்டினால் ஷூ தொளதொள, விரிந்து வாயைத் திறந்தால் இறுக்கம்.

கடைக்குள் கார்பெட் போட்டிருந்தது. அதில் நடந்தால் எல்லா ஷூவும் மெத்தென்றுதான் இருக்கும். வாசலில் இருந்த டைல்ஸ் தரையில் நடக்கவிட்டேன். அப்புறம் மாடிக்குப் போகும் படியில் ஏறி இறங்கச் சொன்னேன். இறங்கும்போதுதான் உண்மை தெரியும். பாதம் முன்னால் சறுக்கும், விரல் நுனி முட்டினால் நீளம் போதாது.

"முட்டுதா?"

"இல்லீங்க மாமா. ஆனா வலது காலு கொஞ்சம் ஆடுது."

வலது கால் நாலு மில்லிமீட்டர் சின்னது, ஆடத்தான் செய்யும். ஒரு மெல்லிய அரை இன்சோல் வாங்கி வலது ஷூவில் மட்டும் முன்பாதிக்கு வைத்தோம், ஆட்டம் நின்றது. 1,350 ரூபாய் ஆனது. கூர்முனை ஷூவை அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், பிறகு கேட்கவில்லை.

வியாழக்கிழமை வரை

புது ஷூவை நேராக இன்டர்வியூ நாளில் போடக் கூடாது. எங்களுக்கு நாலு சாயங்காலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், திங்கள் ஒரு மணி நேரம், செவ்வாய் இரண்டு மணி நேரம், சாக்ஸோடு, வீட்டுக்குள். அடி தேயாமல் இருக்கத் தரையில் பழைய வேட்டியை விரித்துக்கொண்டான். அடி சுத்தமாக இருந்தால், ஒருவேளை தப்பான அளவு என்று தெரிய வந்தாலும் கடையில் மாற்றிக் கேட்கலாம். பில்லையும் பெட்டியையும் அதுவரை எறியாதீர்கள்.

கழற்றியவுடன் சாக்ஸையும் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். தோலில் சாக்ஸின் பின்னல் தடம் மட்டும் இருந்தால் கவலையில்லை. சிவப்புத் திட்டு இருந்து, பத்து இருபது நிமிடத்தில் மறைந்தால் ஷூ பழகிக்கொண்டிருக்கிறது. அரை மணிக்கு மேலும் மறையாமல் இருந்தால் அந்த இடத்தில் உராய்கிறது. சுண்டு விரல் புடைப்பிலும் கட்டை விரல் புடைப்பிலும் நிலைத்து நிற்கும் சிவப்பு என்றால் அகலம் போதவில்லை, பழகும் என்று காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். குதிகாலில் மட்டும் என்றால் சமாளிக்கலாம். விரல் மரத்துப்போனால் லேஸை ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். அப்போதும் மரத்தால் அந்த ஜோடி ஆகாது.

செவ்வாய் இரவு போன் செய்தான். இடது குதிகாலுக்கு மேலே காசு அளவுக்குச் சிவந்திருக்கிறது, முக்கால் மணி நேரமாகியும் போகவில்லை என்றான். பின்பக்கத்து மேல்விளிம்பு விறைப்பாக இருந்தால் இது வரும். விளிம்பை இரண்டு கட்டைவிரலாலும் உள்ளும் வெளியுமாகப் பத்துப் பதினைந்து முறை மடித்து இளக்கச் சொன்னேன். புதன்கிழமை முழுக்க அந்தக் காலுக்கு ஓய்வு. வியாழக்கிழமை காலை, சாக்ஸ் போடுவதற்கு முன், தோல் காய்ந்திருக்கும்போதே அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் நடக்கும்போது வலிக்கும், வரும் முன் ஒட்டினால் அந்த உராய்வைப் பிளாஸ்டர் வாங்கிக்கொள்ளும்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து அவன் லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் சான்றிதழ் ஃபைல். அதற்குள்ளிருந்து காலண்டர் அட்டையின் கட்டைவிரல் நுனி வெளியே தெரிந்தது.